தங்கையின் மேடையில் மூன்று பாட்டு

(ஊர் நூலக வாசகர் வட்டக் கூட்டத்தில் ஆற்றிய சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



கல்யாண வீட்டில் உடன்பிறந்தவர்கள் பேசும் வாழ்த்துரையைப் பற்றிப் பேசச் சொன்னீர்கள். பொதுவாகப் பேசினால் வீட்டுக்குப் போகும்போது கையில் ஒன்றும் இருக்காது. அதனால் ஒரே ஒரு வாழ்த்துரையை எடுத்துக்கொள்கிறேன். என் தங்கையின் திருமண வரவேற்பில் நான் பேசியது அது. நான்கு நிமிடப் பேச்சு; எங்கள் சிறுவயதுப் பாட்டுகள் மூன்று அதில் வருகின்றன. அந்தப் பாட்டுகளை எப்படித் தேர்ந்தேன், எந்த வரிசையில் வைத்தேன், எதை விட்டேன் என்று பிரித்துக் காட்டுகிறேன். உங்கள் வீட்டுக் கல்யாணத்துக்கு அது பயன்படும்.

வாழ்த்துரை சுருக்கமாக இருக்க வேண்டும் என்பது இன்று வந்த எண்ணம் இல்லை. அகநானூற்றின் 86ஆம் பாட்டில் நல்லாவூர் கிழார் ஒரு திருமணத்தைக் காட்டுகிறார். பந்தல் போட்டு, மணல் பரப்பி, உளுந்துப் பொங்கல் சமைத்து, விடியற்காலையில் நடக்கிற திருமணம். பிள்ளை பெற்ற பெண்கள் நால்வர் வந்து, பூவும் நெல்லும் கலந்த நீரை மணமகளின் தலையில் பெய்து வாழ்த்துகிறார்கள். கணவன் விரும்பும் துணையாக, நல்லன பலவும் செய்து, வழுவாமல் வாழ வேண்டும் என்பதே அவர்கள் சொல்வது. ஒரே மூச்சில் சொல்லி முடித்துவிடலாம். சொல் ஒரு பக்கம், நீர் பெய்கிற கை ஒரு பக்கம். இரண்டும் சேர்ந்தே வாழ்த்து ஆகிறது. சொல்லோடு கையும் சேர வேண்டும் என்கிற இந்தச் செய்தியை மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள். பிறகு தேவைப்படும்.

நீண்ட வாழ்த்துரைக்கும் நம்மிடம் நல்ல மரபு உண்டு. சுயமரியாதைத் திருமணங்களில் சடங்கு இருந்த இடத்தில் பேச்சு வந்து உட்கார்ந்தது. 1967இல் அண்ணா ஆட்சியில் அந்தத் திருமணங்களுக்குச் சட்ட ஏற்புக் கிடைத்தது. அதற்குப் பல ஆண்டுகள் முன்பிருந்தே அந்த மேடைகளில் மணிக்கணக்கில் பேசினார்கள், மக்களும் உட்கார்ந்து கேட்டார்கள். பேச்சைக் கேட்கவே வந்த கூட்டம் அது. இன்றைய வரவேற்பு நிகழ்ச்சி அப்படியில்லை. மேடையேறி அன்பளிப்புக் கொடுக்க ஒரு வரிசை நிற்கிறது. பக்கத்தில் மெல்லிசைக் குழு பாடுகிறது. முதல் பந்தி எப்போது என்று பெரியவர்கள் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள். இந்தக் கூட்டம் உங்களுக்குக் கொடுக்கக்கூடிய கவனம் நான்கு நிமிடம், நன்றாகப் பேசினால் ஐந்து. நிதானமாகப் பேசினால் நிமிடத்துக்குச் சுமார் தொண்ணூறு, நூறு சொல் வரும். ஆக, நானூறு சொல்லுக்குள் முடிக்க வேண்டும்.

அந்த நானூறு சொல்லில் பாட்டுக்கு ஏன் இடம் கொடுக்க வேண்டும்? தெரிந்த பாட்டு ஒன்றைச் சொன்ன உடனே கேட்பவர் மனத்தில் அது தானாக ஓடத் தொடங்கும். நீங்கள் விவரிக்க வேண்டிய ஒரு காலம், ஒரு தெரு, ஒரு வயது அத்தனையும் அந்த ஒரு குறிப்பிலேயே வந்துவிடும். அதனால்தான் பாட்டை முழுக்கப் பாடிக் காட்டக் கூடாது. பாடினால் கவனம் உங்கள் குரலுக்குப் போகும், தங்கை மறைந்துவிடுவாள். பாட்டின் பெயரையோ அடையாளத்தையோ சொல்லிவிட்டு, அந்தப் பாட்டு உங்கள் வீட்டில் நடந்த விதத்தைச் சொல்ல வேண்டும். என்னைக் கேட்டால், இந்த வகை வாழ்த்துரையின் ஒரே விதி இதுதான்: பாட்டின் பொருளுக்காக அதைத் தேர்ந்தெடுக்காதீர்கள், அந்தப் பாட்டு ஓடும்போது உங்கள் தங்கை என்ன செய்வாள் என்பதற்காகத் தேர்ந்தெடுங்கள்.

பொருளை மட்டும் பார்த்துத் தேர்ந்தால் என்ன ஆகும் என்பதற்கு ஒரு எடுத்துக்காட்டு. அண்ணன் தங்கை என்றதும் எங்கள் உறவினர் எல்லோரும் ஒரே படத்தைச் சொன்னார்கள். 1961இல் பீம்சிங் இயக்கிய 'பாசமலர்'. கண்ணதாசன் எழுதி, விசுவநாதன்–ராமமூர்த்தி இசையமைத்து, டி.எம்.சௌந்தரராஜனும் பி.சுசீலாவும் பாடிய அந்தத் தாலாட்டில், அண்ணனும் தங்கையும் தங்கள் குழந்தைகளை வைத்துக்கொண்டு ஒருவரையொருவர் நினைத்துப் பாடுகிறார்கள். அழகில் அதற்கு இணை குறைவு. ஆனால் அந்தப் பாட்டு வரும்போது கதையில் இருவரும் பிரிந்திருக்கிறார்கள். படம் முடியும்போது இருவருமே உயிரோடு இல்லை. மண்டபத்தில் உட்கார்ந்திருக்கும் அறுபது வயதுக்காரர்களுக்குப் பாட்டோடு சேர்ந்து அந்த முடிவும் நினைவுக்கு வரும். மணமேடையில் அது வேண்டாம்.

அதே படத்தில் தங்கையின் திருமணத்தில் தோழிகள் பாடும் பாட்டு ஒன்றும் உண்டு, எல்.ஆர்.ஈஸ்வரி பாடியது. அதை இன்றும் மண்டபங்களில் போடுகிறார்கள்; யாரும் கலங்குவதில்லை. கல்யாண வீட்டு ஒலிபெருக்கியில் பல ஆண்டுகள் ஒலித்து ஒலித்து அது படத்தின் கதையை விட்டு வெளியே வந்துவிட்டது. ஒரு பாட்டு இப்படிக் கதையை உதறிவிட்டதா இல்லையா என்று தெரிந்துகொள்ள எளிய வழி இருக்கிறது. வீட்டில் மூத்தவர் ஒருவரிடம் அந்தப் பாட்டைச் சொல்லிப் பாருங்கள். அவர் முதலில் கல்யாணத்தைப் பற்றிப் பேசினால் வைத்துக்கொள்ளலாம். படத்தின் கடைசிக் காட்சியைப் பற்றிப் பேசினால் விட்டுவிட வேண்டும்.

இனி நான் தேர்ந்த மூன்று. ஒன்று தெருவில் விளையாடும்போது பாடியது. ஒன்று வானொலியில் கேட்டது. ஒன்று வீட்டுக்குள் அம்மா பாடியது. மூன்றும் மூன்று இடத்திலிருந்து வந்ததால் ஒன்றையொன்று மறைக்கவில்லை. மூன்றுமே சினிமாப் பாட்டாக இருந்தால் வாழ்த்துரை விருப்பப் பாடல் நிகழ்ச்சி போல் ஆகிவிடும்.

விளையாட்டுப் பாட்டு உங்கள் எல்லோருக்கும் தெரியும். இரண்டு பேர் கையைக் கோத்து வளைவு போல உயர்த்தி நிற்பார்கள். மற்றவர்கள் வரிசையாக அடியில் நுழைந்து போவார்கள். ஒவ்வொரு சுற்றுக்கும் ஊற்றும் குடமும் பூக்கும் பூவும் ஒன்றொன்றாகக் கூடும். முடிவில் கைகள் இறங்கி ஒருவரைப் பிடிக்கும். இதில் எனக்குப் பயன்பட்டது அந்த வளைவு. மணமக்கள் கைகோத்து நிற்கிற மேடையில் அதை விளக்க வேண்டிய தேவையே இல்லை.

வானொலிப் பாட்டு, 1992இல் வந்த 'ரோஜா' படத்தில் மின்மினி பாடிய ஆசைப் பாட்டு. ஏ.ஆர்.ரகுமான் இசையமைத்த முதல் படம் அது. அந்தப் பாட்டுக்காக வைரமுத்துவுக்குத் தேசிய விருது கிடைத்தது. ஒரு பெண் தன் சிறிய ஆசைகளை அடுக்கிக்கொண்டே போவதுதான் அதன் கட்டமைப்பு. அடுக்கு என்பதால் யாரும் அதில் தன் ஆசையைச் சேர்த்துக்கொள்ளலாம். என் தங்கை சேர்த்தாள். அவள் சேர்த்த ஆசைகளே எனக்கு வேண்டியவை.

மூன்றாவது தாலாட்டு. தாலாட்டைப் பற்றிச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும். பெரியாழ்வார் கண்ணனுக்குப் பாடிய தாலாட்டில் தேவர்கள் ஒவ்வொருவரும் ஒரு பொருள் அனுப்புகிறார்கள். பிரமன் பொன் தொட்டில் அனுப்புகிறான், சிவன் அரைக்கு அணி அனுப்புகிறான். நம் வீட்டுத் தாலாட்டில் அந்தத் தேவர்களின் இடத்தில் தாய்மாமன் வருகிறார். சங்கு, வளையல், தொட்டில், சீர் எல்லாம் அவர் கையிலிருந்தே வருகின்றன. பாடுகிற பெண்ணுக்கு அவர் யார்? கூடப் பிறந்தவர். புகுந்த வீட்டில் குழந்தையைத் தூளியில் போட்டு ஆட்டிக்கொண்டே அவள் தன் பிறந்த வீட்டைப் பாடுகிறாள். குழந்தைக்கு ஒரு சொல்லும் புரியாது; ஆனால் சுற்றியிருக்கும் புகுந்த வீட்டார் காதில் விழும். எனக்குப் பின்னால் ஒரு வீடு இருக்கிறது என்று அவள் சொல்வதற்குத் தாலாட்டு இடம் கொடுக்கிறது. தங்கையின் திருமணத்தில் பேசுகிற அண்ணனுக்கு இதைவிடப் பொருத்தமான பாட்டு கிடையாது. நாளைக்கு அந்த இடத்தில் நிற்க வேண்டியவன் அவன்.

இதில் ஒரு குழி உண்டு. தாலாட்டு என்றதும் அடுத்த வருடமே தொட்டில் கட்ட வேண்டும் என்று மேடையில் சொல்லிவிடுவது. கூட்டம் சிரிக்கும். ஆனால் குழந்தை எப்போது என்பது அந்த இருவரின் முடிவு. சில வீடுகளில் அது பல ஆண்டு வலியாகவும் மாறும். ஐந்நூறு பேர் முன்னால் சொன்ன அந்த ஒரு வரி அப்போது அவர்களைக் குத்தும். ஆகவே நான் வரப்போகும் குழந்தையைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை. அம்மாவையும் மாமாவையும் பற்றிச் சொன்னேன்.

வயது வரிசைப்படி பார்த்தால் தாலாட்டுதான் முதலில் வர வேண்டும். நான் அதைக் கடைசியில் வைத்தேன். அம்மாவின் பாட்டைச் சொன்னால் அம்மா அழுவாள், தங்கை அழுவாள், எனக்கும் தொண்டை அடைக்கும். தொடக்கத்திலேயே அப்படி ஆனால் மீதியைப் பேச முடியாது. தெரு விளையாட்டில் தொடங்கினால் முகங்கள் மலரும். மாப்பிள்ளை வீட்டாரும் அதே விளையாட்டை ஆடியவர்கள் என்பதால் உள்ளே வந்துவிடுவார்கள். அடுத்து ஆசைப் பாட்டில் மாப்பிள்ளையிடம் நேராகப் பேசலாம். கடைசியில் தாலாட்டு வந்து, அதிலிருந்து ஒரு வாக்குறுதி வர வேண்டும். அதற்குப் பிறகு பேச்சே இருக்கக் கூடாது.

நான் பேசியது இது. எங்கள் சாத்தூர்ப் பக்கத்துப் பேச்சிலேயே பேசினேன். மேடைத் தமிழில் என் தங்கையிடம் நான் ஒருநாளும் பேசியதில்லை. அன்று மட்டும் பேசினால் அவளுக்கு அது யாரோ பேசுவது போல இருந்திருக்கும்.

"எல்லாருக்கும் வணக்கம். நான் பொண்ணோட அண்ணன். எங்க சின்ன வயசுப் பாட்டு மூணு சொல்லப் போறேன்.

முதல் பாட்டு நீங்க எல்லாரும் ஆடினது. ரெண்டு பேரு கை கோத்துத் தூக்கி நிப்பாங்க, மத்தவங்க அடியில நுழைஞ்சு போவாங்க. சுத்துக்கு ஒரு பூ கூடும். எங்க தெருவுல பத்துப் பூவோட ஆட்டம் முடிஞ்சிரும். என் தங்கச்சி பாப்பா முடிக்க விடமாட்டா. பதினொண்ணு, பன்னெண்டுன்னு எண்ணிக்கிட்டே போவா. முடிஞ்சா கையை இறக்கணும், யாராவது ஒருத்தர் மாட்டிக்கணும். யாரும் மாட்டிக்கக் கூடாதுன்னு நினைக்கிற பிள்ளை அவ. மாப்பிள்ளை, இன்னிக்கு நீங்க ரெண்டு பேரும் கை கோத்து நிக்கிறீங்க. உங்க வீட்டாளுங்க, எங்க வீட்டாளுங்க எல்லாரும் இனிமே அந்தக் கைக்குக் கீழதான் வந்து போகப் போறோம். பூ எண்ணிக்கை கூடிக்கிட்டே இருக்கட்டும்.

ரெண்டாவது, ரோஜா படத்துல வர்ற ஆசைப் பாட்டு. ரேடியோவுல அது வந்தா பாப்பா அடுப்படி வாசல்ல வந்து நிப்பா. பாட்டு முடிஞ்ச பிறகு அவ பட்டியல் ஆரம்பிக்கும். மொட்டைமாடியில படுக்கணும். பனங்கிழங்கு அவளுக்குன்னு தனியா ஒரு கட்டு வேணும். மதுரை பஸ்ல சன்னலோர சீட்டு வேணும். அந்தப் பட்டியல்ல நகை வந்ததே இல்ல. இன்னிக்கும் பெரிசா கேட்கத் தெரியாது அவளுக்கு. மாப்பிள்ளை, சன்னல் சீட்டை மட்டும் அவளுக்கு விட்டுக்கொடுங்க. அத்தை, மாமா, அவ ஏதாவது வேணும்னு ஒருதடவை சொன்னா, அது அவ ரொம்ப நாள் யோசிச்சுச் சொன்னதுன்னு நினைச்சுக்கோங்க. மாப்பிள்ளை, உங்க பட்டியலையும் அவகிட்ட சொல்லுங்க. ஒண்ணையும் மறக்க மாட்டா.

மூணாவது, எங்க அம்மாவோட தாலாட்டு. பாப்பா தூளியில கிடப்பா, நான் ஆட்டுவேன், அம்மா பாடுவாங்க. அந்தப் பாட்டுல எங்க மாமா வருவாங்க. வெள்ளிச் சங்கோட, வில்வண்டி கட்டிக்கிட்டு வருவாங்க. நெசத்துல மாமா சைக்கிள்லதான் வருவாங்க. ஹேண்டில்ல காராச்சேவுப் பொட்டலம் தொங்கும். ஆனா மாமா வராத மாசம் கிடையாது. அம்மா அந்தப் பாட்டை எங்களைத் தூங்க வைக்கப் பாடினாங்க. தனக்கு ஒரு பொறந்த வீடு இருக்குன்னு சொல்லவும் பாடினாங்க. மாமா இதோ முன்னாடி உட்கார்ந்திருக்காங்க. மாமா, நீங்க அம்மாவுக்கு இருந்த மாதிரி நான் பாப்பாவுக்கு இருப்பேன். பாப்பா, மாசம் ஒருதடவை கூப்பிடாமலே வருவேன். கூப்பிட்டா அன்னிக்கே வருவேன்.

எல்லாரும் எழுந்து நின்னு, கையைத் தூக்கி இவங்க ரெண்டு பேரையும் வாழ்த்துங்க."

அவ்வளவுதான். இதில் எதையெல்லாம் விட்டேன் என்று பாருங்கள். அவள் படிப்பு, வேலை, வாங்கிய பரிசு எதுவும் இல்லை. அவை அழைப்பிதழிலும் உறவினர் பேச்சிலும் ஏற்கனவே வந்துவிட்டன. எங்களுக்குள் மட்டும் புரியும் வேடிக்கைகள் இல்லை. எழுதி முடித்ததும் எங்கள் குடும்பத்தை அறியாத ஒருவரிடம் வாசித்துக் காட்டினேன். அவர் 'இது யாரு?' என்று கேட்ட இடமெல்லாம் மாற்ற வேண்டிய இடம். அப்படிக் கேட்டதால் ஒரு சித்தப்பாவும் ஒரு கோவில் திருவிழாவும் வெளியே போயின. தாலாட்டைச் சொல்லலாமா என்று அம்மாவிடம் முன்பே கேட்டேன். அது அவளுடைய பாட்டு. அவள் அனுமதி இல்லாமல் மேடையேறக் கூடாது.

மாப்பிள்ளைக்கு ஒவ்வொரு பாட்டிலும் இடம் இருக்கிறதா என்பதையும் பார்க்க வேண்டும். அண்ணன் தங்கை நினைவுகளாகவே பேச்சு ஓடினால், மணமேடையில் பாதிப் பேர் விருந்தாளிகள் போல நிற்பார்கள். முதல் பாட்டில் அவர் கை இருக்கிறது, இரண்டாவதில் அவருடைய ஆசைகளும் வருகின்றன. மூன்றாவதில் மட்டும் எங்கள் வீடு பேசுகிறது. அது கடைசி ஒரு நிமிடம் என்பதால் மாப்பிள்ளை வீட்டாரும் பொறுத்துக்கொள்வார்கள். அவர்கள் வீட்டிலும் ஒரு தாய்மாமன் முன்வரிசையில் இருப்பார்.

கையைத் தூக்கி வாழ்த்தச் சொன்னது அகநானூற்றுப் பெண்களிடம் கற்றது. அவர்களுக்கு நீரும் நெல்லும் இருந்தன. கிறிஸ்தவ வரவேற்புகளில் திராட்சைச் சாறு நிரம்பிய கண்ணாடிக் குவளையை உயர்த்துகிறார்கள். எங்கள் மண்டபத்தில் கை இருந்தது. கேட்பவர்கள் தாங்களும் ஏதாவது ஒன்று செய்தால்தான் வாழ்த்து மண்டபம் முழுவதின் வாழ்த்தாக ஆகிறது.

இனி மேடை வேலை. மணமக்கள் மேடையேறியதும், அன்பளிப்பு வரிசை தொடங்கும் முன் பேசிவிட வேண்டும். வரிசை நகரத் தொடங்கிவிட்டால் அதை நிறுத்த முடியாது. மெல்லிசைக் குழுவிடம் முன்பே சொல்லி, இரண்டு பாட்டுக்கு நடுவில் இடம் வாங்குங்கள். பாடகருக்காக ஒலியமைப்பாளர் மைக்கில் எக்கோ வைத்திருப்பார். பாட்டுக்கு அது அழகு சேர்க்கும். பேச்சில் ஒரு சொல் அடுத்த சொல்லின் மேல் ஏறி விழும். அதை எடுக்கச் சொல்லுங்கள். மைக்கைக் கையில் வைத்துக்கொண்டு ஒலிபெருக்கிப் பெட்டிக்கு முன்னால் போய் நிற்காதீர்கள், கீச்சென்று கத்தும். பேச்சு போய்ச் சேர்கிறதா என்று தெரிய, மண்டபத்தின் கடைசி வரிசையைப் பாருங்கள். அங்கே இருப்பவர்கள் பக்கத்தில் குனிந்து என்ன சொன்னார் என்று கேட்டால், வேகத்தைக் குறைக்க வேண்டும்.

விருப்பம் இருந்தால் இரண்டாவது பாட்டுக்கு முன் கீபோர்டு கலைஞரைத் தொடக்க இசையை மட்டும் வாசிக்கச் சொல்லலாம். பத்து விநாடி போதும். கூட்டமே மனத்துக்குள் பாட ஆரம்பித்துவிடும். தாலாட்டுக்குமுன் எந்த இசையும் வேண்டாம். பின்னணியில் புல்லாங்குழல் வந்தால் அது சினிமாக் காட்சியாகிவிடும். அந்தப் பகுதியைச் சொல்லும்போது அம்மாவையும் தங்கையையும் பார்க்காதீர்கள். மாமாவைப் பாருங்கள், அல்லது சம்பந்தி வீட்டாரைப் பாருங்கள். தொண்டை அடைத்தால் நிறுத்தி, தண்ணீர் குடித்துவிட்டுத் தொடருங்கள், கூட்டம் காத்திருக்கும். வீட்டில் வாய்விட்டுப் படித்துப் பழகும்போது மூன்றாம் பகுதியையே அதிகம் பழகுங்கள்.

கடைசியாக ஒன்று. ஆசைப் பாட்டு எங்கும் போய்விடாது, ஒலிநாடாவிலும் கைப்பேசியிலும் இருக்கும். விளையாட்டுப் பாட்டை இன்னும் சில தெருக்களில் பாடுகிறார்கள். உங்கள் அம்மா பாடிய தாலாட்டு அப்படியில்லை. எந்த மாமா, எந்த ஊர், என்ன சீர் என்பதெல்லாம் வீட்டுக்கு வீடு மாறும். அவரவர் பாடும்போது சேர்த்துக் கட்டியவை அவை. உங்கள் வீட்டுத் தாலாட்டு உங்கள் அம்மாவிடம் மட்டுமே இருக்கிறது. வீட்டில் தங்கையோ அக்காவோ கல்யாணத்துக்கு இருந்தால், மண்டபம் பார்க்கும் முன்பே ஒரு மாலை அம்மாவோடு உட்கார்ந்து அதை எழுதிக்கொள்ளுங்கள். அதில் யார் பெயர் வருகிறதோ அவருக்கு நேரில் போய் அழைப்பிதழ் வைத்து, கல்யாணத்தன்று முன்வரிசையில் உட்கார வையுங்கள்.